"எல்லாம் செஞ்சி பாத்துட்டன் சேர்"

உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குச் செயற்றிட்டம் ஒப்படைக்கும் காலம் வந்தால் என் வட்ஸ்அப் நிறைந்துவிடும். வரும் செய்திகளில் பாதிக்கு மேல் ஒரே வார்ப்பில் இருக்கும். இந்த வருடம் வந்த ஒன்றை, எழுதிய பிள்ளையின் அனுமதியோடு அப்படியே தருகிறேன்.

"சேர், தண்ணி மோட்டர் போட்டா ஆடினோ ஹேங் ஆகுது. எல்லாம் செஞ்சி பாத்துட்டன். போர்டும் புதுசு வாங்கிட்டன். வெள்ளிக்கிழமை காட்டணும். அவசரம் சேர்."

இதற்கு உடனே ஒரு பதில் சொல்லிவிடலாம். நம்மில் பலர் அப்படித்தான் செய்கிறோம். "சப்ளை பத்தாது, பெரிய அடப்டர் போடு" என்போம். சரி வந்தால் சந்தோசம். வராவிட்டால் பிள்ளை அடுத்த சாமானை வாங்கும். இந்தப் பிள்ளை ஏற்கனவே ஒரு போர்டு வாங்கிவிட்டது. வாப்பா கூலி வேலைக்குப் போகும் வீடு அது.

இன்று நான் சொல்ல வருவது இதுதான். இப்படி வரும் செய்திக்குப் பதில் தேடுவதற்கு முன், அதைப் பிள்ளையோடு சேர்ந்து ஒரு சரியான கேள்வியாக மாற்றி எழுத வேண்டும். அதிலும் முக்கியமாக "எல்லாம் செஞ்சி பாத்துட்டன்" என்ற இரண்டு மூன்று சொல்லைப் பிரித்து, என்ன செய்தாய், செய்ததும் என்ன நடந்தது என்று வரிவரியாக எழுத வைக்க வேண்டும். விடையின் பெரும்பகுதி அந்த வரிகளுக்குள்ளேதான் கிடக்கிறது. மேலே உள்ள செய்திக்கு அதைச் செய்தபோது நடந்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன். நீண்ட பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

*முதலில் சொற்கள்*

"தண்ணி மோட்டர்" என்றால் நம் வீடுகளில் என்ன? கிணற்றிலிருந்து டாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் 230 வோல்ட் மோட்டர். வெளியில் இருக்கும் ஒரு பொறியியலாளர் இந்தச் செய்தியை வாசித்தால் அவரும் அதைத்தான் நினைப்பார். ஆனால் பிள்ளை வைத்திருந்தது உள்ளங்கைக்குள் அடங்கும் 12 வோல்ட் நேரோட்டப் பம்ப். இது சின்ன வித்தியாசம் இல்லை. ஏன் என்று கடைசியில் பார்ப்போம். ஒன்றுக்குச் சரியான பதில் மற்றதற்கு ஆபத்தாக முடியும்.

அடுத்தது "ஹேங்". போர்டு அப்படியே உறைந்து நிற்கிறதா? லைட் அணைந்து போகிறதா? திரையில் கண்டபடி எழுத்து வருகிறதா? அல்லது ஆரம்பத்திலிருந்து மறுபடி தொடங்குகிறதா? நான்குக்கும் நம் பிள்ளைகள் "ஹேங்" என்றுதான் சொல்கிறார்கள். நான்கின் காரணங்களும் வேறு.

நான் பிள்ளையிடம் கேட்டது: "மகன், ஹேங் என்ற சொல்ல விடுங்க. அது நடந்த உடனே திரையில என்ன எழுதியிருக்கும்? அத மட்டும் சொல்லுங்க."

"வெல்கம் என்று வரும் சேர். பிறகு சரியாயிடும்."

இது பெரிய தகவல். அந்த "வெல்கம்" என்ற வரி, நிரல் தொடங்கும்போது `setup()` பகுதியில் ஒரே ஒரு தடவை மட்டும் எழுதப்படுவது. அது மறுபடி வருகிறது என்றால் போர்டு உறையவில்லை, மறுதொடக்கம் ஆகிறது. பிள்ளை இதைப் பத்துத் தடவை கண்ணால் பார்த்திருக்கிறது. ஆனால் எழுதும்போது பார்த்ததை விட்டுவிட்டு, தான் அதற்கு வைத்த பெயரை எழுதியிருக்கிறது.

மூன்றாவது "போட்டா". பம்ப் ஓடத் தொடங்கும் கணத்திலா? ஓடிக்கொண்டிருக்கும்போதா? நிற்கும்போதா? கேட்டேன். "அது கவனிக்கல்ல சேர்" என்றது பிள்ளை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னது நல்லது. அதை அப்படியே குறித்துக்கொண்டோம். பிறகு சோதித்துப் பார்க்க வேண்டிய விடயம் அது.

இந்த இடத்தில் நம் பேச்சு வழக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "கரண்ட் வருது" என்கிறோம். அது மின்னழுத்தமா, மின்னோட்டமா, மின் இணைப்பே இருக்கிறது என்பதா? மூன்றுக்கும் அதே சொல்தான். "ஷோட் ஆயிட்டு" என்றால் குறுஞ்சுற்றும்தான், எரிந்து போனதும்தான், சும்மா வேலை செய்யாமல் நிற்பதும்தான். வீட்டில் பேச இது போதும். கேள்வியில் எழுதும்போது "கரண்ட் வருது" என்ற இடத்தில் "மல்டிமீட்டரை எந்த இரண்டு புள்ளிகளில் வைத்தேன், என்ன எண் காட்டியது" என்று வர வேண்டும். பெரிய தமிழ்ச் சொல்லும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். புள்ளியும் எண்ணும் போதும்.

*"எல்லாம்" என்பதற்குள் என்ன இருந்தது?*

அடுத்து "எல்லாம்". ஒரு தாளை எடுத்து, செய்த ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வரியாக எழுதச் சொன்னேன். நான்கு வரி வந்தது.

ஒன்று, போர்டை மாற்றினேன்.
இரண்டு, கோடில் `delay` கூட்டினேன்.
மூன்று, கெப்பாசிட்டர் போட்டேன்.
நான்கு, வேற அடப்டர் போட்டேன்.

"எல்லாம்" என்று நினைத்தது நான்குதான். பிழை இல்லை, நான்கும் நல்ல முயற்சிகள். ஆனால் இந்த வடிவில் அவை வாசிப்பவருக்கு உதவாது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இரண்டு விடயம் வேண்டும்: எதை மாற்றினாய், மாற்றிய பிறகு என்ன கண்டாய்.

நான்காவது வரியையே பாருங்கள். "வேற அடப்டர் போட்டேன்" என்பதற்கு இரண்டு பொருள் இருக்கிறது. பழைய அடப்டரைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் இன்னொன்று போட்டது ஒரு பொருள். பம்புக்கு ஒன்று, போர்டுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கொடுத்தது இன்னொரு பொருள். இரண்டாவதைச் செய்தும் பிரச்சினை இருந்தால், பம்ப் இழுக்கும் மின்னோட்டத்தால் போர்டின் மின்னழுத்தம் விழுகிறது என்ற சந்தேகத்தைத் தள்ளி வைத்துவிடலாம். முதலாவது என்றால் அப்படித் தள்ள முடியாது. கேட்டுப் பார்த்தால், பிள்ளை செய்தது முதலாவது. 12 வோல்ட் 2 அம்பியர் அடப்டருக்குப் பதில் அதே அளவு இன்னொரு அடப்டர். இரண்டு தடவையும் பம்பும் போர்டும் ஒரே அடப்டரில்தான். அந்த வரியைக் கேட்காமல் நானே "தனி அடப்டர் கொடுத்துப் பார்த்தேன்" என்று அழகாக எழுதி அனுப்பியிருந்தால், பதில் சொல்பவரைப் பொய்யான பாதையில் விட்டிருப்பேன்.

மூன்றாவது வரி கெப்பாசிட்டர். 1000 மைக்ரோபரட், போர்டின் 5V முனைக்கும் GND முனைக்கும் நடுவே. "போட்ட பிறகு?" என்றேன். "கொஞ்சம் குறஞ்ச மாதிரி இருந்திச்சி சேர்."

இந்த "மாதிரி"தான் பிள்ளைகளைச் சுற்றவிடுவது. வந்து வந்து போகும் பிழையில் எதை மாற்றினாலும் கொஞ்ச நேரம் சரியான மாதிரித்தான் இருக்கும். அதற்கு ஒரே மருந்து எண்ணுவது. இருபது தடவை பம்பைப் போட்டு நிறுத்து, எத்தனை தடவை "வெல்கம்" வந்தது என்று எண்ணு என்றேன். கெப்பாசிட்டர் இல்லாமல் இருபதில் எட்டு. கெப்பாசிட்டரோடு இருபதில் ஏழு. இருபதில் ஒன்று கூடக்குறைய வருவது தற்செயல். ஆக, அந்தக் கெப்பாசிட்டர் பிரச்சினையைத் தீர்க்கவில்லை. இனி அதை உறுதியாக எழுதலாம்.

*எப்போது நடக்கிறது?*

நிரல் முழுதும் நூற்றுக்கணக்கான வரி. நீர்மட்டம் பார்க்கும் உணரி, திரை, ரிலே, பம்ப் எல்லாம் அதில் இருந்தது. இதை முழுசாக யாருக்கும் அனுப்பி "பாருங்க" என்று சொல்வது நியாயமில்லை. எனவே உணரியையும் திரையையும் கழற்றிவிட்டு, ரிலேயை மட்டும் ஐந்து செக்கனுக்கு ஒரு தடவை போட்டு நிறுத்தும் சின்ன நிரல் ஒன்றைப் பிள்ளை எழுதியது. ரிலே இணைத்திருப்பது 7ஆம் முனையில். அந்த ரிலே `LOW` கொடுத்தால் இழுக்கும் வகை.

```
void setup() {
  Serial.begin(9600);
  Serial.println("START");
  pinMode(7, OUTPUT);
}
void loop() {
  Serial.println("PUMP ON");
  Serial.flush();
  digitalWrite(7, LOW);
  delay(5000);
  Serial.println("PUMP OFF");
  Serial.flush();
  digitalWrite(7, HIGH);
  delay(5000);
}
```

இதில் இரண்டு விடயத்தைக் கவனியுங்கள். எதைச் செய்யப் போகிறோம் என்பதை, செய்வதற்கு முன்னாலேயே எழுதிவிடுகிறது. `Serial.flush()` அந்த எழுத்து முழுதும் கணினிக்குப் போய்ச் சேரும் வரை காத்திருக்கும். இல்லாவிட்டால் போர்டு மறுதொடங்கும்போது கடைசி வரி பாதியில் தொலைந்துவிடும். நாம் பிழையான இடத்தைச் சந்தேகிப்போம். இன்னொன்று, ஆர்டுயினோ ஊனோவில் சீரியல் மொனிட்டர் சன்னலைத் திறந்தாலே போர்டு ஒரு தடவை மறுதொடங்கும். ஆகவே முதலில் வரும் `START` கணக்கில் இல்லை. சன்னலைத் திறந்து வைத்துவிட்டு, பிறகு வருவதைத்தான் எண்ண வேண்டும்.

கணினித் திரையில் கிடைத்தது இது.

```
PUMP ON
PUMP OFF
START
PUMP ON
```

இருபது சுற்றில் ஏழு தடவை `START` வந்தது. ஏழும் `PUMP OFF` என்பதற்குப் பிறகே வந்தன. `PUMP ON` என்பதற்குப் பிறகு ஒரு தடவையும் வரவில்லை. "போட்டா ஹேங்" என்று தொடங்கிய செய்தி, "நிறுத்தும்போது மறுதொடங்குகிறது" என்று ஆகிவிட்டது. கிட்டத்தட்ட நேர் எதிர். இந்தச் சின்ன நிரலிலும் நடக்கிறது என்பதால் உணரியும் திரையும் பெரிய நிரலும் குற்றவாளிகள் இல்லை என்பதும் சேர்ந்தே தெரிந்துவிட்டது.

இன்னும் இரண்டு சோதனை செய்தோம். பம்பின் வயர்களைக் கழற்றிவிட்டு ரிலேயை மட்டும் இருபது தடவை இழுத்து விட்டோம். ஒரு மறுதொடக்கமும் இல்லை. ஆக ரிலேயின் சுருளில் பிரச்சினை இல்லை. பிறகு பம்ப் இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் சிக்னல் மின்குமிழ் ஒன்றை மாட்டினோம். 12 வோல்ட் 10 வொட். அது எரியும்போது இழுப்பது 0.8 அம்பியருக்குக் கொஞ்சம் மேல். பம்ப் ஓடும்போது மல்டிமீட்டரில் 0.7 அம்பியர் காட்டியது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சுமை. அதுமட்டுமில்லை, இழை குளிராக இருக்கும் முதல் கணத்தில் மின்குமிழ் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். அப்படியிருந்தும் இருபதில் ஒரு மறுதொடக்கமும் இல்லை.

இரண்டு சோதனைக்கும் செலவு ஒன்றுமில்லை. மின்குமிழ் பக்கத்து மோட்டார் சைக்கிள் பட்டறையில் இரவல் வாங்கியது.

*மாற்றி எழுதிய கேள்வி*

இப்போது தாளில் இருந்ததைப் பிள்ளை தன் கையாலேயே எழுதியது. வரி ஒழுங்கை மட்டும் சொல்லிக்கொடுத்தேன்.

"நீர்த்தாங்கி நிறைந்ததும் பம்பைத் தானாக நிறுத்தும் செயற்றிட்டம் செய்கிறேன். ஆர்டுயினோ ஊனோ, 5 வோல்ட் ஒற்றை ரிலே, 12 வோல்ட் நேரோட்டப் பம்ப் (ஓடும்போது 0.7 அம்பியர்). பம்புக்கும் போர்டுக்கும் ஒரே 12 வோல்ட் 2 அம்பியர் அடப்டர். சுற்றுப்படம் இணைத்திருக்கிறேன்.

பம்ப் நின்ற பிறகும் போர்டு தொடர்ந்து ஓட வேண்டும். ஆனால் ரிலே பம்பை நிறுத்தும் கணத்தில் போர்டு மறுதொடங்குகிறது. 20 தடவையில் 7 தடவை. பம்பைப் போடும்போது ஒரு தடவையும் இல்லை. உணரி, திரை இரண்டையும் கழற்றி, கீழே உள்ள 15 வரி நிரலை மட்டும் போட்டாலும் இதே நிலைதான்.

செய்து பார்த்தவை: புதிய போர்டு போட்டேன், மாற்றமில்லை. ரிலே கட்டளைக்குப் பின் `delay(1000)` சேர்த்தேன், மாற்றமில்லை. 5V, GND இடையே 1000 மைக்ரோபரட் கெப்பாசிட்டர், 20க்கு 8 இருந்தது 7 ஆனது. அதே அளவு வேறு அடப்டர், மாற்றமில்லை. போர்டுக்குத் தனி அடப்டர் கொடுத்துப் பார்க்கவில்லை. பம்பைக் கழற்றி ரிலே மட்டும், 20க்கு 0. பம்புக்குப் பதில் 12 வோல்ட் 10 வொட் மின்குமிழ், 20க்கு 0.

பம்பை நிறுத்தும்போது மட்டும் இது நடக்கக் காரணம் என்ன? அடுத்து எதைச் சோதிக்க வேண்டும்?"

இதில் "அவசரம்" இல்லை, "ப்ளீஸ்" இல்லை. "பார்க்கவில்லை" என்று ஒரு வரி இருக்கிறது. செய்யாததையும் சொல்வது செய்ததைச் சொல்வதைப் போலவே உதவும். வாசிப்பவர் அதை ஊகிக்கத் தேவையில்லை.

இதை என்னிடம் முன்பு படித்து இப்போது இலத்திரனியல் பொறியியலாளராக இருக்கும் ஒருவருக்கு அனுப்பினோம். மனுசர் வேலைப்பளு உள்ளவர். சாப்பாட்டு இடைவேளையில் பதில் வந்தது.

"நிறுத்தும்போது மட்டும், அதுவும் மின்குமிழுக்கு இல்லை, பம்புக்கு மட்டும் என்றால் மோட்டர் சுருளின் தூண்டல்தான். படத்தில் பம்புக்குக் குறுக்கே டயோட் இல்லையே. 1N4007 ஒன்று போடுங்க. வெள்ளிக்கோடு உள்ள பக்கம் + முனைக்கு. போட்டுட்டு திரும்ப எண்ணிப் பாருங்க."

சில ரூபாய்ச் சாமான். போட்டு ஐம்பது தடவை எண்ணினோம். ஒரு மறுதொடக்கமும் இல்லை.

இதன் காரணம் பௌதிகவியல் பாடத்தில் பிள்ளைகள் படித்ததுதான். சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென அறுத்தால், அது தொடர்ந்து ஓடவே பார்க்கும். அதற்காகச் சுருளில் தூண்டப்படும் மின்னியக்க விசை, 12 வோல்ட்டை விடப் பல மடங்கு உயர்ந்து, ரிலேயின் தொடுகை திறக்கும் இடத்தில் பொறியாகப் பாயும். அந்த அதிர்ச்சி பொதுவான வயர்கள் வழியாகப் போர்டுக்குள் போய் அதைக் குழப்புகிறது. டயோட் இருந்தால் அந்த மின்னோட்டம் பம்புக்குள்ளேயே சுற்றி ஓய்ந்துவிடும். மின்குமிழின் இழையில் சொல்லும்படியான தூண்டல் இல்லை, அதனால்தான் அது அமைதியாக இருந்தது.

இப்போது முதலில் சொன்ன "தண்ணி மோட்டர்" விடயத்துக்கு வருவோம். இந்த டயோட் பதில் நேரோட்டப் பம்புக்கு மட்டும் பொருந்தும். 230 வோல்ட் ஆடலோட்ட மோட்டருக்குக் குறுக்கே டயோட் போட்டால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பாதியில் அது நேரடிக் குறுஞ்சுற்று. வெடிக்கும். அந்த வகை மோட்டருக்கு வழி வேறு, அதில் பிள்ளைகள் கைவைக்கவே கூடாது. நேரோட்டத்திலும் டயோட்டைத் தலைகீழாகப் போட்டால் பம்பைப் போட்ட உடனே அடப்டர் குறுஞ்சுற்றாகும். பழைய செய்தியை வாசித்த ஒருவர் 230 வோல்ட் என்று நினைத்துப் பதில் தந்திருந்தால் இந்தப் பிள்ளைக்குப் பயனில்லை. 12 வோல்ட் என்று நினைத்து டயோட் போடச் சொல்லி, கேட்டவர் உண்மையில் வீட்டு மோட்டரை வைத்திருந்தால்? அதனால்தான் "12 வோல்ட் நேரோட்ட" என்ற இரண்டு சொல் கேள்வியில் இருந்தே ஆக வேண்டும்.

*மாற்றி எழுதும் நாம் செய்யக் கூடாதவை*

ஆசிரியர்களும் மூத்த மாணவர்களும் இந்த வேலையைச் செய்யும்போது இரண்டு இடத்தில் வழுக்கும்.

முதலாவது, நோயின் அறிகுறியை அழித்துவிட்டு அங்கே நோயின் பெயரை எழுதுவது. "போர்டுக்கு மின்சாரம் போதவில்லை, என்ன செய்யலாம்?" என்று நாம் திருத்தி எழுதினால், வாசிப்பவர் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு அடப்டர் அளவைப் பற்றிப் பேசத் தொடங்குவார். நம் ஊகம் ஒன்று இருந்தால் கடைசியில் "என் சந்தேகம்" என்று தனியாக எழுதலாம். கண்டதன் இடத்தில் அதை வைக்கக் கூடாது. `PuTTY` என்ற மென்பொருளை எழுதிய சைமன் டாதம், பிழைகளை எப்படி அறிவிப்பது என்று 1999இல் எழுதிய கட்டுரையில் இதையே வலியுறுத்தியிருக்கிறார்: கண்டது எது, ஊகித்தது எது என்பது பிரிந்து தெரிய வேண்டும்.

இதே பிழையின் இன்னொரு முகம், பாதி வழியில் கேட்பது. இந்தப் பிள்ளை எனக்கு எழுதுவதற்கு முன் ஒரு நண்பனிடம் கேட்ட கேள்வி: "ஆடினோவுக்கு எத்தன மைக்ரோபரட் கெப்பாசிட்டர் போடணும்?" நண்பன் 1000 என்று பதில் சொல்லிவிட்டான். கேட்ட கேள்விக்கு அது பதில்தான். ஆனால் பிரச்சினை என்ன என்று நண்பனுக்குத் தெரியவே தெரியாது. தான் நினைத்த தீர்வைப் பற்றி மட்டும் கேட்டதால், அந்தத் தீர்வே பிழை என்று சொல்ல யாருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. எனவே கெப்பாசிட்டர் பற்றிக் கேட்டாலும் "எதற்காகக் கேட்கிறேன்" என்ற வரி மேலே இருக்க வேண்டும்.

இரண்டாவது, எழுத்தை அழகாக்குவதற்காக உண்மையை வெட்டுவது. "சில நேரம் மட்டும் நடக்குது" என்று பிள்ளை சொல்வதை, வசனம் நீளுகிறது என்று "மறுதொடங்குகிறது" என்று சுருக்கினால், எப்போதும் நடக்கும் பிழை என்று பொருள் மாறிவிடும். சந்தேகமான இடத்தில் பிள்ளையிடம் கேளுங்கள். கேட்க முடியாவிட்டால் அதன் சொல்லையே மேற்கோளில் விடுங்கள்.

*"பிள்ளை கேட்டா பதில் சொல்ல வேண்டியதுதானே?"*

சில ஆசிரிய நண்பர்கள் என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். "அது தடுமாறி நிற்குது, நீங்க பரீட்சை வைக்கிறீங்க" என்கிறார்கள். நியாயமான கேள்வி. பிள்ளையை விரட்டுவதற்கு இதை ஆயுதமாக்கக் கூடாது என்பதில் நானும் உடன்படுகிறேன். "ஒழுங்கா கேளு" என்று சொல்லி விட்டுவிடுவது மாற்றி எழுதுவது ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் என்ன வந்தது, எந்தக் கணத்தில், எத்தனை தடவை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத வைப்பதுதான் நம் வேலை. எங்களுக்கு அதற்கு முக்கால் மணித்தியாலம் போனது. புதுப் போர்டு வாங்கப் பிள்ளை நகரத்துக்குப் போய் வந்தது ஒரு முழு நாள்.

எல்லாவற்றுக்கும் இது தேவையும் இல்லை. "ரிலேயில COM என்றா என்ன சேர்?" என்று கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லிவிட வேண்டும். புகை வருகிறது, சூடாகிறது, கையில் அடிக்கிறது என்றால் கேள்வி எழுதும் நேரம் அது இல்லை. முதலில் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை "இந்தச் சாமான் பழுது, புதுசு வாங்கணும்" என்று வந்தால், காசு கொடுப்பதற்கு முன் "பழுது என்று எப்படித் தெரியும், எதைக் கழற்றி எதை மாட்டிப் பார்த்தீங்க?" என்று கேளுங்கள். உங்களுக்கு இலத்திரனியல் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பழைய போர்டு இன்றும் நன்றாக வேலை செய்கிறது. பாடசாலை ஆய்வுகூடத்தில் இப்போது அடுத்த வகுப்புப் பிள்ளைகள் அதில்தான் பழகுகிறார்கள்.

இந்த மாதம் எனக்குச் செய்தி அனுப்பும் பிள்ளைகளுக்கு: "எல்லாம் செஞ்சி பாத்துட்டன்" என்று எழுத வரும்போது கையை நிறுத்துங்கள். ஒரு தாளில் செய்ததை ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டு எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என்ன கண்டீர்கள் என்று எழுதி, அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை. அங்கிருந்து சேர்ந்து தொடங்குவோம்.